பிளாக்கில் இருந்த பெயர்

நான் அச்சகத்தில் சேர்ந்த காலத்தில் கம்பெனிப் பெயரை யாரும் எழுத்துக் கோப்பதில்லை. துத்தநாகத் தகட்டில் பொறித்து, மரக்கட்டையில் அறைந்த பிளாக் ஒன்று டிராயரில் இருக்கும். தமிழ்ப் பெயரும் கீழே ஆங்கிலப் பெயரும் அதில் ஒன்றாகவே இருக்கும். லேபிளானாலும் பில் புத்தகமானாலும் அதே பிளாக்தான். தேய்ந்தால் தேய்ந்த பெயர் விழும், வேறு பெயர் விழாது.

இன்று அதே பெயரை ஆளாளுக்குத் தட்டச்சு செய்கிறார்கள். ஒரு மசாலாக் கம்பெனி. பெயரைக் கௌரி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய சாம்பார் பொடி மொத்த வியாபாரியின் பில்லிங் கணினியில் இரண்டு சரக்காகப் பதிவாகி, இருப்பும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. திரையில் இரண்டும் ஒரே பெயராகத்தான் தெரிந்தன. அகரவரிசையில் மட்டும் ஒன்று மேலே, இன்னொன்று கீழே. நடுவில் கேசரிப் பவுடரும் கொண்டைக்கடலையும்.

காரணம் ஔகாரம். சரியான ‘கௌ’வில் உள்ள குறி U+0BCC என்ற ஒரே யூனிகோடு எழுத்து. பாக்கெட் டிசைன் செய்தவர் ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ போட்டிருந்தார். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அது ‘கெ-ள-ரி’. வாடிக்கையாளர் ‘கௌரி’ என்று சரியாக அடித்துத் தேடினால் அந்தச் சரக்கு வராது. சோதிப்பது எளிது: கர்சரைப் பெயரின் முன்னால் வைத்து வலப்பக்க அம்புக்குறியைத் தட்டுங்கள். ஒரே தட்டில் ‘கௌ’ முழுவதையும் தாண்டினால் சரி; நடுவில் நின்றால் அங்கே ‘ள’ ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த ஒளிவுமறைவு இல்லை, ஆனால் தகராறு அதிகம். பாக்கெட்டில் Gowri, பில்லில் Gauri. எது அழகு என்று விவாதித்தால் முடிவே வராது. வணிகச் சின்ன விண்ணப்பத்தைப் பாருங்கள் என்பேன். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, தமிழ் எழுத்தில் உள்ள சின்னத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் தர வேண்டும். இவர்கள் விண்ணப்பத்தில் Gowri என்று இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

இரண்டு பெயரையும் ஒரு கோப்பில் சரியாக அடித்து, டிசைனருக்கும் கணக்கருக்கும் வியாபாரிக்கும் அனுப்பினோம். இதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள் என்பது மட்டுமே நிபந்தனை. டிராயரில் இருந்த பிளாக்கின் வேலையை இன்று செய்ய அந்தக் கோப்பால்தான் முடியும். அப்படியொரு கோப்பைப் பெரிய கம்பெனிகள்கூட வைத்துக்கொள்ளாதது எனக்கு வருத்தம்தான். பிறகு பழைய பட்டியல்களில் ‘கெளரி’யைத் தேடி மாற்றினோம். அச்சுக்காக எழுத்தை வெறும் உருவமாக மாற்றிய டிசைன்களில் தேடல் வேலை செய்யாது. அவற்றுக்கு மூலக் கோப்பைத் திறந்துதான் திருத்த வேண்டியிருந்தது.