மச்சான் எந்த வீட்டில குந்தியிருக்கிறான்?

மோனே, பொம்பிளையைப் பார்க்க முதலே பொம்பிளையின்ர தம்பியைப் பற்றிக் கேட்க வந்து நிக்கிறாய். நீ கெட்டிக்காரன்தான். திருக்கோணமலைத் துறைமுகத்துக்குள்ள கப்பல் வரேக்க பைலட் படகுதானே முதல் வரும். கலியாணத்திலயும் மச்சான்தான் முதல் வாறவன். என்ன, பைலட் வேலை முடிஞ்சா இறங்கிப் போயிடுவான்.

சரி, குந்து. குறிப்பில பன்னிரண்டு வீடு இருக்கு. உன்ர தம்பி தங்கைக்கு மூண்டு, அண்ணன் அக்காவுக்குப் பதினொண்டு, அம்மாவுக்கு நாலு, அப்பாவுக்கு ஒன்பது, பெண்சாதிக்கு ஏழு. மச்சானுக்கு எண்டு தனி வீடு ஒண்டும் இல்லை. அவன் அக்காவைப் பிடிச்சுக்கொண்டு உள்ள வாறவன். அதால நாங்களும் அக்காவின்ர வீட்டில நிண்டுதான் அவனை எண்ணவேணும். இதைத்தான் சாத்திரிமார் பாவத் பாவம் எண்டு பெரிசாச் சொல்லுறாங்கள். சரியாச் சொன்னா, ஏழுக்கு ஏழு, மூண்டுக்கு மூண்டு எண்டு ஒரு வீட்டை அதின்ர இலக்கத்தாலயே எண்ணுறதுக்குத்தான் அந்தப் பேர். ஏழுக்கு ஏழு எங்க வருது எண்டு எண்ணிப் பார். திரும்ப ஒண்டிலதான் வந்து நிக்கும். உன்ர பெண்சாதியின்ர புருசன் நீதான் எண்டு சாத்திரமே ஒப்புக்கொள்ளுது. ஆனா ஊரில எல்லாரும் எந்த வீட்டில இருந்து எந்த வீட்டை எண்ணினாலும் அந்தப் பேரையே சொல்லுறாங்கள். நாங்களும் சொல்லுவம்.

ஏழை லக்கினமா வைச்சு, அதில இருந்து மூண்டு எண்ணு. அவசரப்படாதை. நிக்கிற வீடுதான் ஒண்டு. ஏழு ஒண்டு, எட்டு ரெண்டு, ஒன்பது மூண்டு. ஒன்பதாம் வீடுதான் பெண்சாதியின்ர தம்பியும் தங்கச்சியும். எட்டில இருந்து ஒண்டெண்டு தொடங்கினியோ, பத்தில போய் விழுவாய். பத்து ஏழுக்கு நாலு, மாமியார் வீடு. மச்சானின்ர பலனைச் சொல்லுறன் எண்டு மாமியின்ர பலனைச் சொல்லிப்போட்டு வந்த ஆக்கள் இஞ்ச கனபேர். ரெண்டு இலக்கத்தையும் கூட்டி ஒண்டைக் கழி, பன்னிரண்டைத் தாண்டினா பன்னிரண்டையும் கழி. பெண்சாதியின்ர அண்ணன் அக்காவுக்கு ஏழும் பதினொண்டும் பதினெட்டு, ஒண்டு போனாப் பதினேழு, பன்னிரண்டு போனா அஞ்சு. அது உன்ர பிள்ளையளின்ர வீடு. பெரிய மச்சானும் பிள்ளையும் ஒரே வீட்டில இருக்கிறதில எனக்கு ஒரு அதிசயமும் இல்லை. ரெண்டு பேருக்கும் கேட்டதை வாங்கிக் குடுக்கவேணும்.

இப்ப உனக்கு ஒரு சந்தேகம் வரவேணும். ஒன்பது உன்ர அப்பாவின்ர வீடுமல்லோ? ஒன்பதில ஒரு பாவி இருந்தா அது அப்பாவுக்கோ மச்சானுக்கோ? இதிலதான் அரைகுறைச் சாத்திரி சறுக்குவான். வீட்டை மட்டும் பார்த்துச் சொல்லேலாது, காரகனையும் சேர்த்துப் பார்க்கவேணும். அப்பாவுக்குச் சூரியன், கூடப்பிறந்தவைக்குச் செவ்வாய். ஒன்பது கெட்டுச் சூரியனும் கெட்டா அப்பா பக்கம் யோசி. ஒன்பது கெட்டுச் செவ்வாயும் கெட்டா மச்சான் பக்கம் யோசி. ரெண்டும் நல்லா இருந்தா வாயை மூடிக்கொண்டு இரு. அதுக்கும் முதல், பெட்டைக்குத் தம்பி இருக்கோ எண்டு கேள். இல்லாத மச்சானுக்குப் பலன் எழுதிக் காசு வாங்கினவையும் இருக்கினம்.

உன்ர குறிப்பை எடு. 1998, வைகாசி 25, திருக்கோணமலை, காலமை 6.35. உதில ஆர் மிதுன லக்கினம் எண்டு எழுதினது? அப்படியெண்டா ஏழு தனுசு, ஒன்பது கும்பம். கும்பத்துக்குடைய சனி மேடத்தில, உனக்குப் பதினொண்டில. லாப வீடு! மச்சானால லாபம் எண்டு எழுதிக் கீழ ஒரு கோடும் இழுத்துவிட்டிருக்கு. உன்ர முகத்தில அந்தச் சிரிப்பு ஏன் எண்டு இப்பதான் விளங்குது.

கொஞ்சம் பொறு. இலங்கையில 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்கள். ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தாங்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே நிண்டது. டவுண் ஆசுப்பத்திரியில புது நேரம் எழுதுவாங்கள். புலியளின்ர கையில இருந்த சம்பூர்ப் பக்கம் பழைய நேரந்தான் ஓடினது. அந்தப் பத்து வருசத்தில இந்த மாவட்டத்தில பிறந்த பிள்ளையின்ர குறிப்பெண்டா, எந்தக் கரையில பிறந்தது எண்டு கேட்காமல் நான் லக்கினம் போடமாட்டன்.

நீ டவுணில பிறந்தனி. 6.35 எண்டது பழைய கணக்கில 6.05. அந்த மாதத்தில இஞ்ச சூரியன் பழைய நேரத்துக்கு ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னம் உதிக்கும். வைகாசிச் சூரியன் இடபத்தில. அப்ப, உதிச்சுக் கால் மணித்தியாலம் போனவுடன நீ பிறந்தாய், லக்கினம் இடபத்தின்ர கடைசிப் பாகையள்தான். ஒரு லக்கினம் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம் ஓடும். அதில அரை மணி பிழைச்சா, கரையில நிக்கிறவன் அடுத்த ராசிக்குள்ள விழுந்திடுவான். உன்னைத் தள்ளி விழுத்தினது சாத்திரியின்ர மணிக்கூடு.

இப்ப திருப்பி எண்ணு. இடபம் லக்கினம், ஏழு விருச்சிகம், அதுக்கு மூண்டு மகரம். மகரத்துக்கும் சனிதான் அதிபதி, அவன் இருக்கிறது அதே மேடத்தில. ஆனா மேடம் இப்ப உனக்குப் பன்னிரண்டு, விரய வீடு. சிரிப்பு எங்க போட்டுது? இன்னும் இருக்கு, கேள். மகரத்தில இருந்து எண்ணினா மேடம் நாலு, சுகத்தானம். அவனுக்கு வீடு வாசல், சாய்ஞ்சு படுக்க இடம். உனக்குச் செலவு. உன்ர லக்கினாதிபதி சுக்கிரனும் அங்கதான் சனியோட குந்தியிருக்கிறார். செலவு வீட்டில நீயும் மச்சானும் ஒரே பாயில.

மேடத்தில சனி நீசம் எண்டு பயப்படாதை. மேடத்துக்குடைய செவ்வாய் உன்ர லக்கினத்தில, கேந்திரத்தில இருக்கிறான். நீசபங்கம் எண்டு சொல்லுவம். பெடியன் முதல் கொஞ்சம் சறுக்கிப் பிறகு தலையெடுப்பான். தூக்கிவிடுறது ஆர் எண்டு பார். விருச்சிகத்துக்கும் அந்தச் செவ்வாய்தான் அதிபதி. அப்ப தூக்கிவிடுறவ அக்கா. எங்க நிண்டு தூக்கிவிடுறா? உன்ர லக்கினத்தில ஏறி நிண்டு, உன்ர தலையில.

ஆனா உன்ர குறிப்பை மட்டும் வைச்சு அந்தப் பெடியன்ர சீவியத்தை எழுதிப்போடாதை. உன்ர குறிப்பில தெரியிறது உனக்கும் அவனுக்கும் இடையில உள்ள கொடுக்கல் வாங்கல்தான், அதுவும் தூரத்தில நிண்டு பார்த்தது. அவன் எப்படிப்பட்டவன் எண்டு அறிய அவன்ர குறிப்பு வேணும். அது கிடைக்காட்டிப் பெட்டையின்ர குறிப்பைப் பார். அதில மச்சானை எண்ணி வளைக்கத் தேவையில்லை, நேரா மூண்டாம் வீடு. ரெண்டு குறிப்பும் ஒரே கதையைச் சொன்னா நம்பு. ஒண்டுக்கொண்டு முரண்பட்டா முதல் நேரத்தைச் சந்தேகப்படு, பிறகு சாத்திரியை, கடைசியாத்தான் மச்சானை.

பெட்டை பிறந்தது மூதூர்ப் பக்கம் எண்டுதானே சொன்னனி? அப்ப எந்த ஊர், எந்த நேரம் எண்டு அவளின்ர தாயிட்டயே கேட்டுக்கொண்டு வா. தாய் பத்தாம் வீடு, உன்ர உத்தியோகமும் அங்கதான். மரியாதையாக் கேள்.