எண் எங்கே போச்சு?

கேள்வி: எக்செல்லில் சம்பளப் பட்டியல் போட்டேன். ரூபாய்க்குப் பதில் ##### என்று வருகிறது. கணக்கு அழிந்துவிட்டதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பதறாதீர்கள், பணம் பத்திரம். அந்தக் கட்டத்தைச் சொடுக்கிவிட்டு மேலே இருக்கும் ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். தொகையோ அதற்கான சூத்திரமோ முழுசாக இருக்கும். நெடுவரிசைதான் ஒல்லி. எழுத்தென்றால் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் அங்கே கால் நீட்டும், இல்லையேல் பாதியில் வெட்டுப்படும். ரூபாயை அப்படி வெட்டினால் 1,25,000 என்பது 1,25 என்று தெரியும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எக்செல் பாதி காட்டுவதைவிட வேலி போட்டு மறைக்கிறது. நல்ல குணம்தான்.

நெடுவரிசையின் மேலே B, C என்று எழுத்து இருக்கிறதே, அதன் வலது ஓரக் கோட்டில் இரட்டைச் சொடுக்கு. அவ்வளவே.

எவ்வளவு அகலப்படுத்தியும் வேலி கூடவே நீள்கிறதா? அது வேறு நோய். எங்கள் இரவுக் காவலர் 22:00க்கு வந்து 6:00க்குப் போவார். போனதில் வந்ததைக் கழித்தால் கழித்தல் 16 மணி! கழித்தல் நேரத்தை எக்செல்லுக்குக் காட்டத் தெரியாது. A2-இல் வந்த நேரம், B2-இல் போன நேரம் என்றால்:

```
=MOD(B2-A2,1)
```

8:00 வரும். 0.3333 என்று வந்தால் கட்டத்தின் வடிவத்தை Time என்று மாற்றுங்கள். ஒரு நாளில் மூன்றிலொரு பங்கு என்கிறது, அதுவும் சரிதான்.