கிரீச் ஒலியின் பிறப்பிடம்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஊஞ்சல் எனப்படுவது, கூடத்தின் உத்திரத்தில், அதாவது கூரையைத் தாங்கும் தடித்த மரத்தில் மாட்டிய கொக்கிகளிலிருந்து நான்கு இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் தேக்குப் பலகையாகும். எனினும் கல்யாணம் எதுவும் நெருங்காத ஆண்டுகளில் செய்தித்தாள், மடிக்கப்படாத துணி, தேடப்படும் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைத் தாங்குவதே அதன் வேலை. இங்கு ஆராயப்படும் ஊஞ்சலும் அவ்வாறே பல ஆண்டுகள் கடமையாற்றியது. பேத்தியின் கல்யாணம் உறுதியானதும், மணமக்களை உட்காரவைத்துப் பாலும் பழமும் கொடுத்துப் பாடும் ஊஞ்சல் சடங்கிற்கு அதைத் தேய்த்து எண்ணெயிடுவதென்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்தது. எப்படித் தேய்ப்பது என்பதில்தான் ஆறு பேருக்கும் ஏழு கருத்துகள் இருந்தன.

முதல் கருத்து பாட்டியுடையது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் பளபளக்கச் செய்த அனுபவத்தில் அவர் சங்கிலிக்கும் புளியையே விதித்தார். புளியின் அமிலம் துருவைக் கரைப்பது உண்மையே. ஆனால் சரியாகக் கழுவித் துடைக்காவிட்டால் அது இரும்பையும் அரிக்கும் என்பதால், மறுநாள் காலை சங்கிலி முன்னைவிடச் செம்மையான நிறத்தில் காட்சியளித்தது. "புளி பழசுடா" என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார். பின்னர் மகன் சங்கிலியைக் கழற்றி, ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இளகிய துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, வெயிலில் உலர்த்தினார். மண்ணெண்ணெய் துருவை அழிப்பதில்லை, அதற்குள் ஊடுருவி இளக்குகிறது என்பதால் பிரஷ் பிடிக்கும் கைக்கு விடுதலை கிடையாது.

பலகையைச் சோப்பு நீரால் குளிப்பாட்டிய மருமகள், கொக்கித் துளைகளைச் சுற்றிக் கருநீலக் கறை பரவுவதைக் கண்டார். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள், நீர், இரும்பு மூன்றும் சேரும்போது மை போன்ற நிறம் பிறக்கும். அதை அழுக்கு என்று எண்ணி மேலும் நீர் ஊற்றித் தேய்ப்பது மையையே கூட்டுவதாகும். எனவே ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் இழைத்தார்கள். குறுக்கே தேய்த்த சித்தப்பாவின் பங்கு இன்றும் கீறல்களாக வாசிக்கத்தக்க நிலையில் உள்ளது.

எண்ணெயில் சித்தப்பாவுக்குத் தேங்காய் எண்ணெயே கொள்கை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்தின்மேல் மெல்லிய படலமாகக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் அவ்வாறு காயாமல் எண்ணெயாகவே இருந்து தூசியையும் ஆட்களையும் ஒருசேர ஈர்க்கும். இந்த வேறுபாட்டைப் பலகை சொல்லாமல், அதில் முதலில் அமர்ந்த சித்தப்பாவின் வெள்ளை வேட்டி சொல்லியது. பலகையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் துடைத்தெடுத்தபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, அரைமணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மீண்டும் தடவினார்கள். அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் உள்ளே வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக் கூடும் என்பதால், அதை விரித்துக் கொடியில் காயப் போட்டார்கள்.

இவ்வளவும் முடிந்து மாட்டியபோது பளபளத்த ஊஞ்சல், பழைய குரலிலேயே 'கிரீச்' என்றது. சங்கிலியின் கண்ணிகள் யாவும் எண்ணெயில் மிதந்தபோதும் ஒலி நின்றபாடில்லை. ஏனெனில் ஊஞ்சல் ஆடும்போது கண்ணிகள் பெரும்பாலும் ஒன்றாகவே சாய்கின்றன, உராய்வு மேலேயுள்ள கொக்கியில்தான் நிகழ்கிறது. கண்ணுக்கெட்டிய இடத்தை மட்டுமே துலக்கியிருந்தார்கள். மகன் ஏணியில் ஏறிப் பார்க்க, ஒரு கொக்கி கால்பங்கிற்கு மேல் தேய்ந்து கத்திபோல் மெலிந்திருந்தது. ஆடும் ஊஞ்சல் தாழ்நிலையைக் கடக்கும்போது சுமை கூடும்; 45 பாகை சாய்விலிருந்து வரும் 60 கிலோ எடையாளர் அக்கணத்தில் ஏறத்தாழ 95 கிலோவாகக் கொக்கிகளை இழுப்பார். பட்டறையில் நான்கு புதிய கொக்கிகள் செய்து மாட்டி, கிரீஸ் தடவி, 25 கிலோ அரிசி மூட்டைகள் ஆறினை ஏற்றி ஆட்டிச் சோதித்த பிறகே மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது.

கல்யாணத்தில் ஊஞ்சல் சத்தமின்றி ஆடியது. மூன்றாம் நாள் காலை, சமையலறையில் முறுக்கு டின் காலியாக இருந்தது; ஊஞ்சல் பலகையில் தூளும் ஒரு பேரனும் இருந்தனர். நள்ளிரவில் யார் வந்து அமர்ந்தாலும் கிரீச் ஒலியால் அறிந்து நாற்பது ஆண்டுகள் காவல் காத்த பாட்டி, ஏணி எங்கே என்று விசாரித்தார்.