சாமரமும் மிஸ்ட் கோலும்: எட்டாம் வழு பற்றிய ஓர் ஆராய்ச்சி

வழுக்கள் ஏழு என்கிறது நன்னூல்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. அதற்குக் காண்டிகையுரை எழுதிய நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்தில் கலியாண வீடியோவுக்குப் பாட்டெழுதும் வழக்கம் இருக்கவில்லை. அதனால் எட்டாவது ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்துவிட்டது. அரசவைச் சொல்லும் மின்கருவியும் ஒரே பாட்டில் குடித்தனம் நடத்தும் வழு அது. 'காலவழு' என்று பெயரிட வழியில்லை. 'நேற்று வருவான்' என்பதற்கே அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே 'யுகவழு' என்கிறேன்.

ஆய்வுக்குக் கிடைத்த தரவு, அயல்வீட்டுத் தம்பி தன் அக்காவின் கலியாணத்துக்கு எழுதிய பாட்டு. அதில் சங்கிலி மன்னன் கதிரையில் வீற்றிருக்கிறான். சேடியர் சாமரம் வீசுகிறார்கள். யன்னலோரம் நிற்கும் இளவரசி அவனுக்கு மிஸ்ட் கோல் கொடுக்கிறாள்.

ஆய்வுமுறை எளிது. பாட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அது இந்த மண்ணில் தோன்றிய ஆண்டையும் மறைந்த ஆண்டையும் எழுதவேண்டும். தோன்றிய ஆண்டுகளில் மிகப் பிந்தியது, மறைந்த ஆண்டுகளில் மிக முந்தியதற்குப் பிறகு விழுந்தால், அந்தப் பாட்டு நடப்பதற்கு உலகில் ஒரு நாளும் இல்லை. சங்கிலிகள் இருவர், எவர் என்று தம்பி சொல்லவில்லை. இரக்கப்பட்டு இரண்டாமவரையே எடுத்துக்கொண்டேன். அவருடைய அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. கைத்தொலைபேசி குடாநாட்டில் பரவியது 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு. மன்னர் அந்தக் கோலை எடுக்க ஏறத்தாழ 380 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்.

தம்பி உடனே போனை வெட்டிவிட்டுப் புறாவை விட்டான். "இப்ப சரிதானே அண்ணை?"

சரியில்லை. போன் பிடிபடுகிற கள்ளன். பிடிபடாத கள்ளர் வேறு. கதிரையும் யன்னலும் போர்த்துக்கேயச் சொற்கள். எந்தப் பகைவனோடு போரிட்டு மன்னன் அரசை இழந்தானோ, அவன் சொல்லிலேயே தம்பி அவனை உட்காரவைத்திருக்கிறான். கதைசொல்லி இன்றைய ஆளாக இருந்து, இன்றைய பேச்சில் 'கதிரை' என்றால் பொறுக்கலாம். பாட்டோ மன்னன் வாயால் வருகிறது. அரியணையும் சாளரமும் இருக்க இந்தச் சங்கடம் எதற்கு? இரண்டாம் சரணத்தில் அரண்மனை விருந்தில் மிளகாய்த்தூள் மணக்கிறது. மிளகாய் அமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கேயர் கப்பலில் கிழக்கே வந்த சரக்கு. பழைய அரண்மனைக் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. யாழ்ப்பாணக் கறியில் மிளகாயைச் சந்தேகிப்பவனை ஊர் மன்னிக்காது என்று தெரிந்தும் ஆய்வின் பொருட்டு எழுதுகிறேன்.

அரசர் இல்லாத பாட்டிலும் இவ்வழு நுழையும். சில பொருட்களின் ஆயுளில் ஓட்டை இருப்பதுதான் காரணம். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணம் வருவது நின்றது. 2014இல்தான் திரும்பி வந்தது. கரண்ட் இல்லாமல், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில், ஜாம் போத்தலுக்குள் திரிவிளக்கு எரித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட இரவுகள் அந்த ஓட்டைக்குள் விழுந்தவை. போத்தல் விளக்கொளியில் இருந்து யாழ்தேவியின் கூவலுக்குக் காதுகொடுக்கும் காதலியைப் பாட்டில் கண்டால், எழுதியவர் அப்போது இங்கே இருக்கவில்லை என்று துணியலாம்.

இனி வழுவமைதி. 'என் ராசாத்தி' என்று போனில் கொஞ்சுவதில் வழு இல்லை. அந்த ராசாத்திக்கு அரண்மனை இல்லை. சொல் தேய்ந்து வெறும் செல்லமாகிவிட்டது. அவளுக்கு மகுடம் சூட்டிப் பல்லக்கில் ஏற்றும்போதுதான் தேய்ந்த சொல் உயிர்த்தெழுந்து ஆண்டுக் கணக்குக் கேட்கும்.

சாமரத்துக்கு மறைந்த ஆண்டாக 1619 போட்டிருந்தேன். அது என் பிழை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் முருகன் அரசனாகவே எழுந்தருளுகிறான். சாமரமும் ஆலவட்டமும் தேரும் கட்டியமும் அங்கே இன்றும் வேலையில் இருக்கின்றன. சுற்றிவர ஆயிரம் போன்கள் படம் பிடிக்கின்றன. ஆகவே சாமரமும் மிஸ்ட் கோலும் நல்லூர் வீதியில் ஒன்றாக நிற்கலாம். அரண்மனையில் வழுவான சோடி, வீதியில் வழாநிலை.

தம்பி பாட்டைத் தேர்த்திருவிழாவுக்கு நகர்த்தினான். போன் திரும்பி வந்தது. கதிரையும் மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரையாகி நிம்மதியடைந்தது. சங்கிலி மன்னன் மட்டும் போகவேண்டியதாயிற்று.

"நல்லூர்க் கட்டியத்தில புவனேகபாகுவின்ர பேர் இண்டைக்கும் சொல்லுறாங்கள். அது லவுட்ஸ்பீக்கரிலயும் கேக்குது. என்ர பாட்டில சங்கிலியன் வந்தா மட்டும் வழுவோ அண்ணை?"

கட்டியத்தில் அவர் பெயர்தான் வருகிறது, அவர் வந்து போன் எடுப்பதில்லை என்றேன். தம்பி ஒரு வரியை வெட்டிவிட்டு, லவுட்ஸ்பீக்கரில் சங்கிலியனின் பெயரை மட்டும் ஒலிக்கவிட்டான்.