ஐஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி: திண்டிவனம் பைபாஸில் தர்பூசணியை என் கண்ணெதிரே வெட்டி ஜூஸ் போடுகிறார்கள். பயப்படாமல் குடிக்கலாமா? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: பழத்தைப் பார்த்தீர்கள், ஐஸ் பாரைப் பார்த்தீர்களா? சாக்குப்பை சுற்றி வந்து இறங்குவது மீன் பெட்டிக்கான பாராகவும் இருக்கலாம். அதைக் குடிநீரில்தான் உறைய வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. உறைந்தால் கிருமி எல்லாம் செத்துவிடாது, பல தூங்கும். டம்ளரில் கரைந்ததும் விழித்துக்கொள்ளும். மகாராஷ்டிராவில் 2018-லேயே, சாப்பிடக் கூடாத ஐஸில் நீலச் சாயம் கலக்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். வெள்ளையாக வந்தாலும், எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், “ஐஸ் வேண்டாம்ணே” போதும்.

கேள்வி: ஒரு நாளைக்கே நாலு குடம் தண்ணீர்தான் கிடைக்கிறது. பழத்தை வேறு கழுவணுமா? தோலையா தின்னப்போறோம்? (தள்ளுவண்டிக்காரர், திண்டிவனம்)

பதில்: தோலை நாம் தின்பதில்லை, கத்தி தின்கிறதே! மண்ணில் கிடந்த தோலில் இறங்கும் கத்தி, அந்த அழுக்கைச் சதைக்குள் இழுத்துப் போகிறது. அதனால் வெட்டும் முன்பே கழுவ வேண்டும். வாளியில் முக்கினால் முதல் பழத்தின் மண் பத்தாவது பழத்துக்கும் போகும். குழாய் வைத்த 20 லிட்டர் கேனை உயரத்தில் வையுங்கள், கீழே ஒரு வாளி. சன்னமாக விழும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். கைக்கும் கத்திக்கும் அதே குழாய்தான். வாளியில் சேர்ந்ததை வண்டிச் சக்கரத்துக்கு ஊற்றலாம், டம்ளர் அலச மட்டும் கூடாது. தண்ணீர் தீர்ந்துவிட்டால் முழுப் பழமாக விற்றுவிடுங்கள்.