ஜென்டில் ரிமைண்டர் தம்பி

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தத் தம்பியைப் பார்க்கலாம். காலையில் மேலதிகாரிக்கு ஒப்புதல் கேட்டு மெயில் போடுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ‘ஜென்டில் ரிமைண்டர்’. சாயங்காலம் ‘ரிமைண்டர் 2’. அதில் ஜென்டில் இருக்காது, சிவப்பு எழுத்து இருக்கும். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கேள்விக்குறி. நீல டிக் விழுந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம், “பார்த்துட்டாரு, ஆனா பதில் இல்ல” என்பார், துப்பறியும் நிபுணர் மாதிரி. தண்ணி பிடிக்கப் போகிற சாக்கில் சார் அறைக் கண்ணாடி வழியே ஒரு நோட்டம் வேறு.

அவர் தப்பானவர் இல்லை. வேலை நின்றால் திட்டு வாங்குவது அவர்தான். சர்வர் அறை யுபிஎஸ்-ஸுக்குப் 16 பேட்டரி மாற்றவேண்டும். விலைப்புள்ளி வெள்ளிக்கிழமையோடு காலாவதி. புதன்கிழமை தம்பி தட்டிய மெயில் இது:

“சார், மூன்றாவது முறையாக நினைவூட்டுகிறேன். தங்கள் தாமதத்தால் வேலை நிற்கிறது. உடனடியாக ஒப்புதல் தரவும். பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும்.” சிசி-யில் எம்.டி.

நல்லவேளை, அனுப்புமுன் அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் காட்டினார். தம்பி இருக்கிற இடத்தில் இப்படி ஒரு அக்காவும் இருப்பார். இல்லாத அலுவலகத்தில் தம்பி நீடிப்பதில்லை.

அக்கா மெயிலைத் திருத்தவில்லை. முதலில் இணைப்பைத் திறந்தார். “ஏன்டா, முதல் கம்பெனி ரூபா 1,78,000. நீ சிபாரிசு பண்றது 1,92,000. குறைஞ்ச விலையை விட்டுட்டு ஏன் அதிகத்துக்குப் போறேன்னு ஒரு வரி இருக்கா?”

“அக்கா, ரெண்டாவது கம்பெனி பழைய பேட்டரியை எடுத்துக்கறான். ஒண்ணுக்கு 1,500. பதினாறுக்கு 24,000 கழிஞ்சிடும்.”

“அப்ப 1,68,000 தான் வருது. இதை சார்கிட்ட யார் சொன்னா?”

தம்பி யோசித்தார். மூன்று நினைவூட்டலிலும் அவசரம் இருந்தது, இந்தக் கணக்கு இல்லை. சார் மறக்கவில்லை, சந்தேகத்தில் நின்றிருக்கிறார். கேட்டால் ஒரு மீட்டிங் ஆகும் என்று கேட்காமலே விட்டிருக்கலாம்; மேலதிகாரிகளின் மௌனத்தில் பாதி இந்த வகைதான்.

அப்புறம்தான் அக்கா கையை வைத்தார். ‘மூன்றாவது முறை’ போனது. “எத்தனை தடவை கேட்டேன்னு எண்றது கடன் கொடுத்தவன் பேச்சு.” ‘உடனடியாக’ போய், அதன் இடத்தில் நாளும் காரணமும் வந்தன. உடனடி என்றால் சாருக்கு அவர் வசதிப்படி ஒரு அர்த்தம். வெள்ளி மாலை என்றால் வெள்ளி மாலைதான். சிசி-யில் எம்.டி.யைத் தூக்கினார். “மேல புகார் போடறதுன்னா அது தனி வேலை. ரிமைண்டர்ல ஒளிச்சு வைக்காதே.” கடைசி வரிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றினார். “காசு விஷயத்துல மௌனம் சம்மதம் ஆகாது. ஆடிட்டர் அப்ரூவல் எங்கேன்னு கேட்டா, சார் பேசலைங்கறதையா காட்டுவே?”

தலைப்பிலிருந்த ‘ரீ: ரீ: ரீ:’ வரிசையும் போனது. சார் அன்று பயணத்தில் இருந்தார், ஃபோனில்தான் படிப்பார். அதனால் இணைப்பைத் திறக்காமலே முடிவெடுக்கிற மாதிரி மெயில் மாறியது:

“ஒப்புதல் தேவை: யுபிஎஸ் பேட்டரி 16, நிகரம் ரூ.1,68,000, வெள்ளி மாலைக்குள்.

வணக்கம் சார். இரண்டாவது விலைப்புள்ளியைப் பரிந்துரைக்கிறேன். விலை ரூ.1,92,000, பழைய பேட்டரிகளுக்கு ரூ.24,000 கழிக்கிறார்கள். முதல் விலைப்புள்ளி ரூ.1,78,000, அவர்கள் பழையதை எடுப்பதில்லை. முந்தைய மெயில்களில் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விலை வெள்ளி மாலை வரை செல்லும். சரி என்றால் ‘ஓகே’ என்ற பதில் போதும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், திங்கள் வரை அவகாசம் தருவதாக விற்பனையாளர் சொல்லியிருக்கிறார்.”

கடைசி வரி பொய்யாகிவிடக் கூடாதென்று, அனுப்புமுன் தம்பியை விற்பனையாளருக்கு ஃபோன் போட வைத்தார் அக்கா. அதற்குத்தான் தம்பி ரொம்பத் தயங்கினார். சாரை விரட்டுவது அவருக்குச் சுலபம். விற்பனையாளரிடம் மூன்று நாள் கேட்பது கௌரவக் குறைச்சல்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: “ஓகே. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

தம்பியின் விரல்கள் துள்ளின. “சார், திங்கட்கிழமை காலை 10.42 மணிக்கே இணைப்பில் தெளிவாக...” என்று பாதி தட்டிவிட்டார். அக்கா எட்டி கீபோர்டை உருவித் தன் மேசைக்குக் கொண்டுபோனார்.