டிரங்குப் பெட்டியின் மக்கல் வாடை: தோற்றமும் ஒடுக்கமும்

ஐப்பசி அடைமழையில் மூடி, போகிக்குத் திறக்கும் டிரங்குப் பெட்டியின் வாடை குறித்து மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு. அந்துருண்டைப் பள்ளியினர் வாடையை வாடையால் வெல்லலாம் என்பார்கள். சில நாளில் இரண்டு வாடையும் கூட்டணி ஆட்சி அமைத்துவிடும். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயப்போடுவது வெயில் பள்ளி. பெட்டிக்கு அது சரி. புத்தகத்தின் தாளோ மஞ்சளாகி, நாளடைவில் அப்பளமாக நொறுங்கும். வேப்பிலைப் பள்ளியினர் பச்சை இலையைப் போட்டு, இருக்கிற ஈரத்துக்குத் துணையாக இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்ப்பவர்கள்.

மூவரும் கவனிக்கத் தவறியது, இது பூசணம் விடும் மூச்சு என்பதை. ஈரம் போகாமல் அது நிற்காது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1950 முதல் கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு. நடுப்பக்கத்தை முகர்ந்தால் பழைய தாளின் வாசனைதான். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முதுகுப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனால்தான் விஷயம் புரியும். அங்கே இருப்பது மைதாப் பசை. நமக்குப் பரோட்டா எப்படியோ, பூசணத்துக்கு அது அப்படி.

ஈரத்தாளைத் துடைத்தால் பூசணம் உள்ளே இழுகி அப்பிக்கொள்ளும். ஆகவே பைண்டை நிமிர்த்தி, பக்கங்களை விசிறிபோல் விரித்து, தாள் மொறுமொறுப்பாகும்வரை திண்ணை நிழலில் வைக்க வேண்டும். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நின்று, மெல்லிய பிரஷ்ஷால் முதுகிலிருந்து ஓரம் நோக்கித் தட்டவேண்டும். அதன்பின் மூடியுள்ள பெரிய டப்பாவில் அரை டம்ளர் ஆப்பசோடாவைக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தி ஒரு வாரம் மூடிவைக்கலாம். வாடை மிச்சமிருந்தால் சோடாவை மாற்றி இன்னொரு வாரம். அடுப்புக்கரியும் ஆகும். எதையும் தாளின்மேல் தூவக்கூடாது; தையலுக்குள் புகுந்தால் வெளியே வராது.

பெட்டியில் முதல் குற்றவாளி அடியில் விரித்த பழைய செய்தித்தாள். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அப்பாவிபோல் படுத்திருக்கும். அதை எறிந்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து, மூடியைத் திறந்து நாள் முழுக்க வெயிலில் வைக்கவும். திரும்ப வைக்கும்போது சுவரை ஒட்டாமல் இரண்டு செங்கல்மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும்.

வாடை போயிற்றா என்று ஆய்வாளரே முடிவு செய்யக்கூடாது. அவர் மூக்கு அதற்குள் பழகியிருக்கும். புத்தகத்தை இரவு முழுக்க பிளாஸ்டிக் பையில் கட்டி, காலையில் வெளியூரிலிருந்து வருபவரிடம் நீட்டவேண்டும். மாமியாராக அமைந்தால் சிறப்பு. சலுகை எதிர்பார்க்க முடியாது.

அட்டைக்குள்ளேயே கறை ஊறியிருந்தால் சோடாவால் ஆவது ஒன்றுமில்லை. அட்டையைப் பிரித்து மறுபைண்டுக்குக் கொடுக்கும்போது, பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லலாம். பழைய பைண்டர்கள் கேட்காமலே கலப்பார்கள்.